மெஷின் நின்ற 16 நிமிடம்

"வணக்கம் அக்கா. தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பிரெஞ்சு சி1 முடித்திருக்கிறேன். இதுவரை ஆவண மொழிபெயர்ப்புதான் செய்திருக்கிறேன், பேச்சு வேலை என்றால் நந்தம்பாக்கம் கண்காட்சியில் ஒரு ஸ்டாலில் நின்றது மட்டும். அடுத்த வாரம் மாதவரத்தில், எண்ணெய் பாக்கெட் போடும் மெஷின் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஐவரி கோஸ்ட்டிலிருந்து வாங்குகிறவர் வருகிறார். இரண்டு நாள் எஃப்.ஏ.டி.யாம். அவர் பிரெஞ்சு மட்டும்தான் பேசுவார். ஓனர், 'நீ நம்ம பொண்ணு, கொஞ்சம் பாத்துப் பேசும்மா' என்கிறார். ஃபிட்டர்கள் தங்களுக்குள் தமிழில் பேசுவதையெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டுமா? மெஷின் வார்த்தைகள் தெரியாமல் நடுவில் மாட்டிக்கொள்வேனோ என்று பயம். என்ன படித்துவிட்டுப் போகட்டும்?"

மெஷின் வார்த்தைகளைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அங்கே மெஷின் கண் முன்னால்தான் நிற்கும். ஒரு பாகத்தின் பெயர் வரவில்லை என்றால் விரலை நீட்டி "இது" என்று சொன்னால் போதும், வாங்க வந்தவரே பிரெஞ்சில் அதன் பெயரைச் சொல்லிவிடுவார், அடுத்த தடவை நீங்கள் அதையே சொல்லலாம். முடிந்தால் அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு ஃபிட்டரைக் கூட வைத்துக்கொண்டு ஃபிலிம் ரோல் மாட்டுகிற இடத்தில் ஆரம்பித்து, ஃபிலிமை மடிக்கிற இடம், நீளவாக்கில் சீல் பண்ணுகிற ஜா, குறுக்கு ஜா, எண்ணெய் இறங்குகிற குழாய், கட்டர், கன்வேயர் என்று மெஷினைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு வாருங்கள். வார்த்தைப் பிரச்சினை அதோடு முக்கால்வாசி தீர்ந்தது.

உண்மையில் சிக்கல் வருவது வேறு இடத்தில். மெஷின் நிற்கும்போது.

எஃப்.ஏ.டி. என்றால், மெஷின் பட்டறையை விட்டுக் கிளம்புவதற்கு முன், ஒப்பந்தத்தில் எழுதின வேகம், அளவு, கழிவு எல்லாம் வருகிறதா என்று வாங்குகிறவர் கண்ணாலேயே பார்த்துக் கையெழுத்துப் போடுகிற சோதனை. பெரும்பாலும் அந்தக் கையெழுத்துக்கு அப்புறம்தான் பேமெண்ட்டில் ஒரு பெரிய பங்கு நகரும், டிஸ்பாட்சும் அதற்குப் பிறகுதான். பெட்டி கட்டி கண்டெய்னரில் ஏற்றி துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டால் அப்புறம் ஒரு சென்சார் மாற்றுவதற்குக்கூட இங்கிருந்து ஒரு ஆள் விமானம் ஏற வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் அன்றைக்கு அந்த ஷெட்டில் பேசப்படுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பின்னால் பணம் இருக்கிறது. நீங்கள் படித்துவிட்டுப் போக வேண்டியது மெஷின் புத்தகம் இல்லை, ஒப்பந்தத்தின் ஏற்புச் சோதனை இணைப்பு. ஓனர் ஒப்பந்தத்தைக் காட்டத் தயங்குவார், விலை இருக்கிறது என்பார். விலைப் பக்கத்தை எடுத்துவிட்டுக் கொடுங்கள், எனக்குச் சோதனை பற்றிய பக்கங்கள் மட்டும் போதும் என்று கேளுங்கள். அதில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள்: சோதனை எத்தனை மணி நேரம், எது மெஷின் நின்ற நேரமாகக் கணக்கில் வரும், எது கழிவுப் பாக்கெட். இந்த மூன்றுக்கும் ஒப்பந்தம் என்ன விளக்கம் வைத்திருக்கிறது என்று தெரியாமல் போனால், நல்ல பிரெஞ்சு பேசியும் ஒரு பயனும் இல்லை.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

500 மில்லி எண்ணெய் பாக்கெட் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் இருப்பது: நிமிடத்துக்கு 30 பாக்கெட் வேகம், 2 மணி நேரம் தொடர் ஓட்டம், அந்த நேரத்தில் மெஷின் குறைந்தது 95 சதவீதம் ஓடியிருக்க வேண்டும், கழிவு 1 சதவீதத்துக்குள். ஆபரேட்டர் ரோல் மாற்றுகிற நேரமும் வெளி மின்சாரம் போன நேரமும் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்று ஒரு வரி. காலை 10.30க்கு ஓட்டம் ஆரம்பிக்கிறது. 10.52க்கு ஃபிலிம் ரோல் தீர்ந்து மெஷின் நிற்கிறது, 7 நிமிடம். 11.20க்கு சீல் சரியாக ஒட்டாமல் கசிகிறது, குறுக்கு ஜாவில் ஏதோ பார்த்து இறுக்குகிறார்கள், 4 நிமிடம். 12.05க்கு ஈபி கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் போட்டு மறுபடி ஓட்ட 5 நிமிடம். மொத்தம் 16. ஆக 120 நிமிடத்தில் மெஷின் ஓடியது 104. கவுண்டரில் 3,120 பாக்கெட்.

இப்போது வாங்க வந்தவர் ஃபோனை எடுத்து 3,120ஐ 120ஆல் வகுக்கிறார், நிமிடத்துக்கு 26. முகம் மாறுகிறது. ஓனர் பக்கத்து சூப்பர்வைசர் 104ஆல் வகுக்கிறார், சரியாக 30. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் கை பரபரக்கும், "இல்லை, அவர் ஓடின நேரத்தை வைத்துச் சொல்கிறார்" என்று தானே விளக்கிச் சமாதானம் பண்ணத் தோன்றும். வேண்டாம். "அவர் 3,120ஐ 120ஆல் வகுத்து 26 என்கிறார்", "அவர் 3,120ஐ 104ஆல் வகுத்து 30 என்கிறார்" என்று இரண்டு பக்கமும், எதை எதால் வகுத்தார் என்பதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வெறும் 26, வெறும் 30 என்று சொன்னால் சண்டை வரும், வகுத்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் அவர்களே ஒப்பந்தத்தைப் புரட்டுவார்கள்.

ஆனால் இது சுலபமான பகுதி. கஷ்டமானது அந்த 16 நிமிடத்துக்குள் இருக்கிறது.

10.52க்கு நின்ற மெஷின் 10.59க்கு ஓடுகிறது. வாங்க வந்தவர் ஏன் 7 நிமிடம் என்று கேட்கிறார். நீங்கள் கேள்வியைத் தமிழில் சொல்கிறீர்கள். ஃபிட்டர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ரோல் மாத்துறதுக்கு மூணு நிமிஷம் தான் ஆச்சு, அப்பால அந்த ஃபோட்டோ மார்க் புடிக்கல, கட்டிங் தள்ளித் தள்ளி உழுது, அதான் லேட்டு" என்கிறார். ஃபோட்டோ மார்க் என்பது எங்கே வெட்ட வேண்டும் என்று மெஷினுக்குக் காட்ட ஃபிலிமில் அச்சடித்திருக்கிற குறி. கம்ப்ரசர் ஓடுகிறது, வியர்வை வழிகிறது, காலையிலிருந்து நின்று கால் வலிக்கிறது, நீங்கள் திரும்பி பிரெஞ்சில் "ஃபிலிம் ரோல் மாற்றினார்கள்" என்று சொல்லிவிடுகிறீர்கள். சுருக்கம்தானே, பொய் இல்லையே.

அடுத்தது 12.05. கரண்ட் போனதும் ஷெட்டே இருட்டாகிறது. ஜெனரேட்டர் 2 நிமிடத்தில் வந்துவிடுகிறது. மெஷின் இன்னும் ஓடவில்லை. கேட்டால் அதே ஃபிட்டர், "கரண்ட் வந்துருச்சு, ஜா ஆறிப்போச்சு, நூத்தி நாப்பது வந்தாதான் சீல் நிக்கும், அதுக்குத்தான் வெயிட்டிங்" என்கிறார். நீங்கள்: "மின்சாரம் போய்விட்டது."

உங்கள் சுருக்கத்தின்படி 7 நிமிடமும் ரோல், 5 நிமிடமும் ஈபி. இரண்டும் ஒப்பந்தப்படி கழிந்துபோகும். மெஷினின் தலையில் விழுவது அந்த நடு 4 நிமிடம் மட்டும். கணக்கில் நிற்பது 108 நிமிடம், ஓடியது 104. 96.3 சதவீதம். பாஸ்.

ஃபிட்டர் சொன்னதை முழுதாகச் சொல்லியிருந்தால்? ரோல் 3 நிமிடம்தான், மீதி 4 நிமிடம் மெஷின் ஃபோட்டோ மார்க்கைப் பிடிக்காததால். ஈபி 2 நிமிடம்தான், மீதி 3 நிமிடம் ஜா சூடேறக் காத்திருந்தது, அது மெஷின் பங்கா மின்சாரத்தின் பங்கா என்று அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. மெஷின் பங்குதான் என்று முடிவானால் கழிவது 5 நிமிடம் மட்டும், கணக்கில் நிற்பது 115, ஓடியது 104. 90.4 சதவீதம். ஃபெயில். அந்த 3 நிமிடத்தை மின்சாரத்தின் பக்கமே விட்டுக்கொடுத்தாலும் 112 நிமிடத்தில் 104, அதாவது 92.9தான், அப்போதும் 95 வரவில்லை.

பார்த்தீர்களா? கவுண்டரில் ஒரு பாக்கெட் கூடவில்லை, குறையவில்லை. நீங்கள் இரண்டு வாக்கியத்தைச் சுருக்கினதில் ஒரு மெஷின் பாஸாகிவிட்டது. உங்களுக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்திருக்காது, களைப்புதான். அதனால்தான் சொல்கிறேன், எஃப்.ஏ.டி.யில் மெஷின் ஓடும்போது நீங்கள் சும்மா இருக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், யாரும் எதுவும் பெரிதாகப் பேச மாட்டார்கள். மெஷின் நின்ற அடுத்த நொடியிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் சொல்ல வேண்டும். காரணம் இரண்டு என்றால் இரண்டு, மூன்று என்றால் மூன்று. நேரம் சொன்னால் நேரம். ஃபிட்டர் "இருக்கும்னு நினைக்கிறேன்" என்று சந்தேகமாகச் சொன்னால் பிரெஞ்சிலும் சந்தேகமாகத்தான் போக வேண்டும், 11.20க்கு அவர் "ஹீட்டர் லூசா இருந்திருக்கும் போல" என்றால் ஹீட்டர் லூஸ் என்று அடித்துச் சொல்லிவிடக்கூடாது, ஏனென்றால் வாங்குகிறவர் அதைக் குறித்துக்கொண்டு ஹீட்டரை மாற்று என்பார், கடைசியில் கோளாறு வெப்பத்தை அளக்கிற சென்சாரில் இருக்கும்.

கழிவிலும் இதே கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். க்யூ.சி. பெண் ஓரமாக ஒரு க்ரேட்டில் கசிந்த பாக்கெட் 30 எடுத்து வைத்திருக்கிறார், 3,120க்கு அது 0.96 சதவீதம், பிழைத்தார்கள். ரோல் மாற்றினதும் வந்த 12 பாக்கெட் வெட்டு தப்பி வந்ததால் ஹெல்ப்பர் நேராக டிரம்மில் போட்டுவிட்டார், அது க்ரேட்டில் இல்லை. சேர்த்தால் 42, 1.35 சதவீதம். வாங்க வந்தவர் டிரம்மைக் காட்டி "அது என்ன" என்று கேட்டால் அந்தக் கேள்வி அப்படியே போக வேண்டும், ஹெல்ப்பர் சொல்கிற பதில் அப்படியே வர வேண்டும். அவர் கேட்கவே இல்லை என்றால்? நீங்களாகக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. நீங்கள் இன்ஸ்பெக்டர் இல்லை. யாரோ ஸ்க்ரீனில் வேகத்தை 30லிருந்து 28ஆக்கியதை உங்கள் கண் பார்த்துவிட்டது என்றாலும் இதேதான். பேசப்பட்டதைக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை, பார்த்ததைச் சொல்வது அவர் வேலை, அதற்குத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறார். அவர் "இப்போது ஸ்க்ரீனில் என்ன மாற்றினார்" என்று கேட்டு, அதற்கு இங்கே பொய்யான பதில் வந்தால், அந்தப் பதிலையும் அப்படியே சொல்லுங்கள். மனசுக்கு ஒப்பாது, தெரியும். ஆனால் ஒரு தடவை நீங்கள் திருத்த ஆரம்பித்தால் அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற எதுவும் யாருடைய வார்த்தை என்று இருவருக்குமே தெரியாமல் போய்விடும். ஒரே விதிவிலக்கு ஆபத்து. கை ஜாவுக்குள் போகிறது, தரையில் எண்ணெய் கொட்டி வாங்க வந்தவர் வழுக்கப் போகிறார் என்றால் எந்த மொழி வாயில் வருகிறதோ அதில் கத்துங்கள்.

ஃபிட்டர்கள் தங்களுக்குள் பேசுவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதை அன்றைக்கு ஸ்பாட்டில் முடிவு பண்ண முடியாது, முதல் நாள் காலையில் டீ குடிக்கும்போதே இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி சொல்லி வைத்துவிட வேண்டும். இப்படிச் சொல்லுங்கள்: மெஷின் பக்கத்தில், எல்லாரும் இருக்கும்போது, என் காதில் விழுகிற மாதிரி பேசப்படுவதை நான் மொழிபெயர்ப்பேன். தனியாகப் பேச வேண்டும் என்றால் ஆபீஸ் ரூமுக்குப் போய்ப் பேசுங்கள், "தங்களுக்குள் கலந்து பேசுகிறார்கள்" என்று மட்டும் இவரிடம் சொல்வேன். வாங்குகிறவர் ஃபோனில் அவர் ஆபீஸோடு பிரெஞ்சில் பேசினாலும் இதே விதி, அவர் தள்ளிப் போய்ப் பேசட்டும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி என்பது முக்கியம், ஒரு பக்கத்துக்கு மட்டும் சொன்னால் நீங்கள் அந்தப் பக்கத்து ஆள் ஆகிவிடுவீர்கள்.

ஃபிட்டர்களிடம் இதைத் தனியாக ஒரு முறை சொல்லுங்கள். ஓனரிடம் சொன்னது அவர்களுக்குப் போய்ச் சேராது. "அண்ணே, அவர் பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்க பேசினா நான் சொல்லித்தான் ஆகணும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள், சில பேர் அதற்கப்புறம் உங்களைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வார்கள், அதுவும் நல்லதுதான். முழுக்க எல்லாவற்றையும் சொல்ல முடியுமா என்றால் முடியாது. ஸ்பேனர் எடு, அந்தப் பக்கம் புடி, டீ வந்துச்சா என்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் முக்கியமானது காதில் விழாது. "கருவி கேட்கிறார்கள்" என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எண், நேரம், காரணம், "போன தடவையும் இப்படித்தான் ஆச்சு" மாதிரி ஒரு வார்த்தை, இதில் எது காதில் விழுந்தாலும் அது போக வேண்டும். கடைசியில் சொன்னேனே அதற்குத்தான் ஓனர் பயப்படுகிறார்.

சரி, ஓனர். "நம்ம பொண்ணு, பாத்துப் பேசு" என்பவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள், வட சென்னையில் அப்படித்தான் வேலை கொடுப்பார்கள், பாசமாகத்தான் சொல்வார்கள், கேட்டால் உங்கள் தெருவில் யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும். பணம் தருவதும் அவர்தான். இருந்தாலும் வாங்க வந்தவர் கிளம்பும் வரை உங்களுக்கு இரண்டு முதலாளி. இதை முந்தின நாளே, அவர் மட்டும் இருக்கும்போது, நேராகச் சொல்லிவிடுங்கள்: "சார், நான் மரியாதையாப் பேசுவேன், யார் கோபமாப் பேசினாலும் நிதானமாச் சொல்வேன், ஆனா விஷயத்தைக் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். அவருக்குத் தெரியக்கூடாததை என் முன்னாடி பேசாதீங்க." இதோடு அவருக்குப் புரிகிற ஒரு வியாபாரக் காரணமும் கொடுங்கள். இங்கே மழுப்பி அனுப்பிய குறை, அங்கே அவர்கள் ஊரில் மெஷினைப் பொருத்தி மறுபடி சோதிக்கும்போது வெளியில் வரும், அப்போது ஃபிட்டர், ஸ்பேர், டிக்கெட் எல்லாம் இவர் செலவு. அவர் தொழில் பண்ணுகிறவர், இந்தக் கணக்கை உங்களைவிட வேகமாகப் போடுவார். இதையும் கேட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றால், போகட்டும்.

எண்களைப் பற்றி. பிரெஞ்சில் 76ஐ அறுபதும் பதினாறும் என்றும், 96ஐ நாலு இருபதும் பதினாறும் என்றும் சொல்வது உங்களுக்குத் தெரியும், வகுப்பில் அது விளையாட்டு. கம்ப்ரசர் சத்தத்தில் முதல் பாதி காற்றில் போய், காதில் விழுவது "பதினாறு" மட்டும்தான். எனவே எண் என்றால் வாயை நம்பாதீர்கள். ஒரு சின்ன ஸ்பைரல் நோட்டு, தடித்த பேனா, கேட்ட எண்ணைப் பெரிதாக எழுதி சொன்னவரிடமே காட்டுங்கள், அவர் தலையாட்டின பிறகு மற்றவருக்குச் சொல்லுங்கள், அவருக்கும் காட்டுங்கள். எழுதும்போது அவர்கள் தசமத்துக்கு கமா போடுவார்கள், நாம் ஆயிரத்துக்குக் கமா போடுவோம். இவர் 3,120 என்று எழுதியதை அவர் மூன்று சொச்சம் என்று படித்துக் குழம்புவது நடக்கக்கூடியதுதான். எண்ணோடு பாக்கெட்டா, நிமிடமா, கிராமா என்பதையும் எழுதிவிட்டால் பாதி குழப்பம் போய்விடும்.

கிராம் என்றதும் இன்னொன்று. ஒப்பந்தத்தில் மில்லி இருக்கும், மேஜையில் இருப்பது தராசு, அது கிராம் காட்டும். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, 500 மில்லி எண்ணெய் தராசில் 455 கிராம் சொச்சம்தான் வரும். சில கம்பெனிகள் கழுவுகிற சிரமம் பார்த்து எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை வைத்து ஓட்டிக்காட்டுவார்கள், அப்போது அதே பாக்கெட் 500 கிராம் காட்டும். வாங்க வந்தவர் "ஏன் தண்ணீர்" என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான், எண்ணெய் சீல் ஆகிற இடத்தில் பட்டால் சீல் நிற்காது, தண்ணீரில் ஓட்டினால் அது தெரியாமல் போகலாம். எதை வைத்து ஓட்டப்போகிறார்கள் என்று முந்தின நாளே சூப்பர்வைசரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்த வாக்குவாதத்துக்கு வேண்டிய பிரெஞ்சு வார்த்தைகளோடு போகலாம்.

நிற்கிற இடம்: வாங்க வந்தவருக்குப் பக்கத்தில், அவர் தோளுக்கு அரை அடி பின்னால், அவர் எந்தக் காதால் நன்றாகக் கேட்கிறாரோ அந்தப் பக்கம். அவருக்கும் மெஷினுக்கும் நடுவில் நிற்காதீர்கள், அவர் பார்க்க வந்தது மெஷினை. துப்பட்டா வேண்டாம், ஃபிலிம் ரோலர் அதை இழுத்துக்கொள்ளும், முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், மூடிய ஷூ. இரண்டு நாளும் தனியாளாகப் பேசுவது கஷ்டம், துணைக்கு ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். அப்படியென்றால் சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம் எனக்கு வேண்டும் என்றாவது கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அவர்கள் பிரியாணி சாப்பிடும்போதும் நீங்கள் பேசிக்கொண்டே இருப்பீர்கள், மத்தியான ஓட்டத்தில் மெஷின் நிற்கும்போது உங்களுக்குச் சுருக்கத் தோன்றும். எண்ணூர் ரோட்டிலும் மணலி ரோட்டிலும் கண்டெய்னர் லாரி வரிசை பிடித்தால் ஒன்றும் சொல்ல முடியாது, கொஞ்சம் முன்னதாகவே கிளம்புங்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு பேப்பர் வரும். சோதனை முடிவும், பாக்கி வேலைகளின் பட்டியலும், அங்கே எல்லாரும் பஞ்ச் லிஸ்ட் என்பார்கள். அதில் எந்தக் குறை டிஸ்பாட்சுக்கு முன் சரி பண்ண வேண்டியது, எது அவர்கள் ஊரில் மெஷினைப் பொருத்தும்போது பண்ணிக்கொள்ளலாம் என்று இருவரும் பிரிப்பார்கள். அன்றைக்கு நிஜமான பேரம் நடப்பது இந்தப் பிரிவில்தான். ஓனர் "பண்ணிடலாம் சார், ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்பார், பழக்கத்தில் வருகிற பேச்சு. நீங்கள் அதைச் சொன்னதும் வாங்குகிறவர் பேனாவை எடுத்து ஒரு தேதி எழுதுவார். எழுதினதைக் கையோடு தமிழில் ஓனருக்குப் படித்துக்காட்டுங்கள்: "சார், ஃபோட்டோ மார்க் பிரச்சினையை டிஸ்பாட்சுக்கு முன்னாடி, இந்தத் தேதிக்குள்ள சரி பண்ணி, மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டி வீடியோ அனுப்பணும்னு எழுதியிருக்கார்." அப்போது அவர் "இல்லம்மா, வீடியோ சரி, தேதி ஒரு வாரம் தள்ளி" என்பார். அந்தத் திருத்தம் கையெழுத்துக்கு முன்னால் நடக்க வேண்டும். பேப்பர் ஆங்கிலத்தில் இருந்தால் இருவருக்கும் வரி வரியாக வாயாலேயே படித்துச் சொல்லுங்கள், யாராவது நேரமாச்சு என்று அவசரப்படுத்தினாலும் முழுசாகப் படியுங்கள். உங்களையும் கையெழுத்துப் போடச் சொன்னால், "மொழிபெயர்ப்பாளர்" என்று எழுதிப் போடுங்கள், "சாட்சி" என்று இருக்கிற கட்டத்தில் வேண்டாம். மெஷின் 96.3 ஓடியதா 90.4 ஓடியதா என்பதற்கு நீங்கள் சாட்சி இல்லை.

நோட்டைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து தகராறு வந்தால் ஓனரோ வாங்குகிறவரோ உங்களுக்கு ஃபோன் பண்ணுவார், "நீதான் அன்னைக்கு எழுதிக்கிட்டே இருந்தியே, 10.52க்கு என்ன சொன்னாங்கன்னு ஃபோட்டோ எடுத்து அனுப்பும்மா" என்று. அனுப்பாதீர்கள். அந்த நோட்டு உங்கள் ஞாபகத்துக்குக் கிறுக்கினது, பாதி வார்த்தை பாதி குறி, ஆதாரம் ஆகாது, வேலை முடிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டியதுதான். அதற்குப் பதிலாக முதல் நாள் காலையிலேயே சூப்பர்வைசரிடம் சொல்லி ஒரு தாளில் கட்டம் போட வையுங்கள்: நின்ற நேரம், ஓடின நேரம், காரணம், இரண்டு பேர் இனிஷியல். எந்தக் கடிகாரத்தைப் பார்ப்பது என்றும் அப்போதே பேசிக்கொள்ளட்டும், சுவர்க் கடிகாரத்துக்கும் மெஷின் ஸ்க்ரீனுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. ஒவ்வொரு தடவை மெஷின் நின்று ஓடினதும், காரணத்தை நீங்கள் சொல்லி முடித்த உடனே, அவர்களே எழுதி இருவரும் இனிஷியல் போட்டுவிட வேண்டும், "ரோல் 3, ஃபோட்டோ மார்க் 4" என்று தனித்தனியாக. அந்தத் தாளின் ஒரு காப்பி ஓனரிடமும் ஒரு காப்பி வாங்குகிறவரிடமும் இருந்தால் உங்களுக்கு அந்த ஃபோனே வராது.